சலாமுக்கு என்ன பதில் சொல்றதுங்க?

கேள்வி: ஈரோட்டில் எங்களுக்கு லுங்கி, துண்டு மொத்த வியாபாரம். அப்பாவுக்கு முடியாததால் ஆறு மாதமாக நான்தான் கடையில் உட்காருகிறேன். மலப்புரத்தில் இருந்து வரும் ஒரு வியாபாரி உள்ளே வந்ததும் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். பதற்றத்தில் நானும் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று அதையே திருப்பிச் சொல்லிவிட்டேன். கூட வந்தவர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அவர் சொன்னபோது வெட்கப்பட்டு, காதில் விழாத மாதிரி கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்பா யார் வந்தாலும் "வணக்கமுங்க" என்றுதான் சொல்வார். வடக்கத்தி ஆட்கள் ராம் ராம், ஜெய் ஜினேந்திரா என்று என்னென்னமோ சொல்கிறார்கள். யாருக்கு எதைச் சொல்வது? நான் இந்து, சலாமுக்குப் பதில் சலாம் சொன்னால் அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

பதில்:

தம்பி, முதல் வாரம் நீங்கள் செய்தது பிழையே இல்லை, இரண்டாவது வாரம் செய்ததுதான் பிழை. இருபது வருடமாகக் கோவையில் மருத்துவமனை வரவேற்பு மேசை, ஜவுளிக்கடை, நகைக்கடை ஆட்களுக்கு வாடிக்கையாளரிடம் பேசப் பயிற்சி கொடுக்கிறேன், என் வகுப்பில் இதே தப்பை இதே வரிசையில் செய்த பிள்ளைகள் எத்தனையோ பேர். முதலில் எதையோ உளறுவார்கள், அப்புறம் உளறிவிடுவோம் என்ற பயத்தில் வாயையே திறக்க மாட்டார்கள். உளறலை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பதில் வராததை, அதுவும் சலாமுக்குப் பதில் வராததை, அவ்வளவு எளிதாக மறக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றால் "உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்" என்று பொருள். நம் வணக்கம் மாதிரி அது மரியாதைச் சொல் மட்டும் இல்லை, எதிரே இருப்பவருக்குச் சொல்லும் வாழ்த்து. இஸ்லாத்தில் சலாம் சொல்வது நல்ல வழக்கம், ஆனால் சொன்ன சலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்றே வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லப்பட்டால் அதைவிட அழகாகத் திருப்பிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதையாவது சொல்லுங்கள் என்று குர்ஆனிலேயே, 4ஆம் அத்தியாயம் 86ஆம் வசனத்தில், வருகிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, சொன்ன சலாம் அந்தரத்தில் நிற்பது நாம் கை நீட்டி எதிராளி கை கொடுக்காத மாதிரி. நீங்கள் முஸ்லிம் இல்லை என்று தெரிந்தே சொன்னவர்தான், அதனால் அரபியில் பதில் வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். ஏதாவது பதில் வரும் என்று கட்டாயம் எதிர்பார்த்திருப்பார்.

வழக்கமான பதில் "வ அலைக்கும் ஸலாம்". சேர்த்துச் சொல்லும்போது "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்று காதில் விழும். வணக்கத்துக்கு வணக்கம் என்று அதையே சொல்கிற நம் பழக்கம் இங்கே பொருந்தாது, வரிசை புரளும். வந்தவர் "சாந்தி, உங்கள் மீது" என்கிறார், நீங்கள் "உங்கள் மீதும் சாந்தி" என்கிறீர்கள். முன்னால் வருகிற அந்த "வ" என்ற ஒற்றை எழுத்துக்கு "மேலும், அப்படியே" என்று பொருள். இந்தப் புரட்டல் தெரியாமல் நீங்கள் அதையே திருப்பிச் சொன்னதால்தான் கூட வந்தவருக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தர் "நல்லா இருங்க" என்றதற்கு "உங்களுக்கும்" என்று சொல்லாமல் "நல்லா இருங்க" என்று அவருக்கே திருப்பிச் சொன்ன மாதிரி, அவ்வளவுதான். அர்த்தம் கெட்டுப்போகவில்லை. நீங்களும் அவருக்கு நல்லதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

சிலர் "வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு" என்று நீட்டிச் சொல்வார்கள், இறைவனுடைய அருளும் வளமும் சேரட்டும் என்று. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது "(வரஹ்)" என்று சுருக்கிப் போடுவதும் உண்டு. அவர் நீட்டிவிட்டார் என்று நீங்களும் மனப்பாடம் பண்ணி நீட்ட வேண்டியதில்லை, பாதியில் மாட்டிக்கொண்டு திணறுவீர்கள். நாலு அசையில் முடித்துவிட்டு வியாபாரத்துக்கு வாருங்கள்.

உச்சரிப்பில் ஒரே ஒரு இடத்தில்தான் கவனம் வேண்டும், அது "ஸலாம்" என்பதில் நடுவில் இருக்கும் "லா". அவசரத்தில் அதை விழுங்கிவிட்டால் "ஸாம்" என்று ஆகிவிடும், அரபியில் அதற்குச் சாவு என்று பொருள். நபிகள் காலத்திலேயே சிலர் வேண்டுமென்றே அப்படித் திரித்துச் சொன்னதாகவும், அவர் கோபப்படாமல் "வ அலைக்கும்", அதாவது "உங்கள் மீதும்" என்று மட்டும் பதில் சொன்னால் போதும் என்றதாகவும் ஹதீஸில் வருகிறது. அதனால்தான், முஸ்லிம் அல்லாத ஒருத்தர் சலாம் சொன்னால் சில பெரியவர்கள் இன்றைக்கும் "வ அலைக்கும்" என்று பாதியோடு நிறுத்துவார்கள். நீங்கள் முதலில் சொல்லி யாராவது அப்படி நிறுத்தினால், நம்மை மதிக்கவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அது அவர் கற்றுக்கொண்ட முறை. முழுதாகப் பதில் சொல்பவர்களும் நிறைய, கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறையாகச் சந்தோஷப்படுபவர்களும் நிறைய. சலாம் என்பது முஸ்லிமுக்கு முஸ்லிம் சொல்வது என்று கறாராக இருப்பவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் உங்களிடம் முதலில் சலாம் சொல்லவே மாட்டார்கள், "என்ன தம்பி, சௌக்கியமா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மலப்புரத்துக்காரர் தானாகவே சொல்லியிருக்கிறார். அதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது, அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் அப்பா "வணக்கமுங்க" என்று சொல்லும்போது சில முஸ்லிம் வியாபாரிகள் பதிலுக்கு வணக்கம் என்று சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டோ, நெஞ்சில் கை வைத்துவிட்டோ போவதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு வணக்கம் என்பது தேய்ந்துபோன நாணயம், அதில் சாமி கும்பிடுவது எல்லாம் ஞாபகத்துக்கே வராது. அவர்களுக்கு இறைவணக்கம் என்று அந்தச் சொல் தினமும் வழிபாட்டுப் பொருளில் புழங்குகிறது, வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவருக்கு மனிதரைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு வராது. சொல்பவர்களும் ஏராளம். சொல்லாதவரை மரியாதை தெரியாதவர் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அப்பா சொல்வதை மாற்றவும் வேண்டாம். அவர் இத்தனை வருடமாக ஒரே மாதிரி, எல்லோரிடமும் ஒரே முகத்தோடு சொல்கிறார் இல்லையா, அதைத்தான் வருபவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

என் சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தேன், கேரளத்து நோயாளிகள் நிறைய வருவார்கள். ஒருநாள் நீளத் தாடி, தலையில் தொப்பி, கணுக்கால் வரை அங்கியோடு ஒரு பெரியவர் வந்தார். நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக எழுந்து "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டைக்குள் இருந்த சிலுவையை எடுத்துக் காட்டினார், கோட்டயம் பக்கத்துத் தேவாலயத்தின் அச்சன். அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். ஆனால் பக்கத்தில் நிஜமாகவே ஒரு முஸ்லிம் குடும்பம் உட்கார்ந்திருந்தது, அவர்கள் வந்தபோது நான் வெறும் "சொல்லுங்க" என்று கேட்டிருந்தேன், அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு நானே வைத்துக்கொண்ட வழக்கம்தான் இன்றைக்கும் வகுப்பில் சொல்வது. முதலில் நாம் சொல்வதாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே சொல். எதிராளி முதலில் சொன்னால், அவர் சொன்ன சொல்லை வைத்துப் பதில். தாடி, தொப்பி, பொட்டு, பெயர், ஊர் எதையும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கார்த்திகை மாதத்தில் தாடி வைத்தவர் பாதிப்பேர் மாலை போட்டவர்கள். வங்காளம் பேசுபவர் இந்துவாகவும் இருப்பார், முஸ்லிமாகவும் இருப்பார், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இரண்டு பேரையும் ஒரே மெஷின் வரிசையில் பார்க்கலாம்.

எல்லோருக்கும் சொல்ல நம் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது, அதை நாம் மதிப்பதே இல்லை. "வாங்க". நம் வீடுகளில் விருந்தாளிக்கு யார் கைகூப்பி வணக்கம் சொல்கிறார்கள்? "வாங்க, வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றுதான் ஆரம்பிப்போம். சாமி பெயர் கிடையாது, சாதி கிடையாது, மலையாளிக்கும் புரியும். "வாங்கண்ணா", "வாங்க பாய்", "வாங்க இக்கா", "வாங்க சேட்டு" என்று ஆளுக்குத் தகுந்த முறைச்சொல்லை அவரோடு பழகிய பிறகு ஒட்டிக்கொள்ளலாம். தெரியாதவரிடம் வெறும் "வாங்க" போதும்.

சரி, வடக்கத்தி ஆட்களுக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணுவதைவிட, அவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் போய்விடும். சில சொற்கள் எதிரே இருப்பவரை வாழ்த்துகின்றன. சலாம் அப்படி. நம் ஆழியாறு பக்கம் வேதாத்திரி மகரிஷி வழியில் இருப்பவர்கள் சொல்லும் "வாழ்க வளமுடன்" அப்படி. நமஸ்தே என்பதுகூட "உமக்கு வணக்கம்" என்று ஆளைப் பார்த்துத்தான் பேசுகிறது. இந்த வகைக்கு யார் வேண்டுமானாலும் தயங்காமல் பதில் சொல்லலாம், ஏனென்றால் நீங்கள் எந்தச் சாமியையும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லவில்லை, எதிராளி நன்றாக இருக்கட்டும் என்கிறீர்கள், அவ்வளவுதான். யோவான் சுவிசேஷத்தில் உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம் சொல்லும் "உங்களுக்குச் சமாதானம்" என்பதும், யூதர்களின் "ஷாலோம் அலெய்க்கெம்" என்பதும் பொருளில் சலாமேதான். யூதர்களிடமும் பதில் புரண்டு "அலெய்க்கெம் ஷாலோம்" என்று வருகிறது, வேடிக்கை.

மற்ற வகை இறைவனையோ குருவையோ போற்றுகிறது. மார்வாடிகளின் "ராம் ராம் சா", குஜராத்திகளின் "ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா", சமணர்களின் "ஜெய் ஜினேந்திரா", சீக்கியர்களின் "சத் ஸ்ரீ அகால்", கிறிஸ்தவர்கள் சிலர் சொல்லும் "ஸ்தோத்திரம்", மாலை போட்டவரின் "சாமி சரணம்" எல்லாம் இதில் சேரும். இவற்றுக்கு அதையே திருப்பிச் சொல்வதுதான் வழக்கம், சலாம் மாதிரிப் புரட்ட வேண்டியதில்லை. ஜெய் ஜினேந்திரா என்றால் ஜெய் ஜினேந்திரா. (சமணம் நமக்கு வேற்றூர்ச் சரக்கு இல்லை, பெருந்துறை தாண்டி விஜயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.) உங்கள் மனம் ஒப்பினால் திருப்பிச் சொல்லுங்கள், வியாபாரத்தில் அது நெருக்கம் உண்டாக்கும். ஒப்பவில்லை என்றால், அல்லது சரியாகக் காதில் விழவில்லை என்றால், இரண்டு கையையும் கூப்பி "வணக்கமுங்க, வாங்க" என்று முகம் மலரச் சொல்லுங்கள், எந்தச் சேட்டும் குறை சொல்ல மாட்டார். சாமி பெயரை உங்கள் வாயில் இருந்து வரவழைத்தே தீருவேன் என்று ஒருத்தர் நின்றால், அவர் எந்த மதமாக இருந்தாலும், அது வாழ்த்து இல்லை, வம்பு. அப்போதும் அதே வணக்கமுங்கதான், அதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். ஜார்க்கண்ட், ஒடிசாவில் இருந்து வந்த ஆதிவாசித் தொழிலாளர்கள் "ஜோஹார்" என்பார்கள், அதற்கும் ஜோஹார்தான் பதில். மூட்டை இறக்க வருகிற பையனிடம் ஒருதரம் சொல்லிப் பாருங்கள்.

இப்போது திங்கட்கிழமை ராத்திரி சந்தைக்கு வருவோம், மலப்புரத்துக்காரர் அன்றைக்குத்தானே வருவார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நீங்கள் நோட்டை மூடிவிடுங்கள், தலை நிமிர்ந்திருக்க வேண்டும். அவர் சலாம் சொல்லட்டும், நீங்கள் முந்த வேண்டாம். சொன்னதும் வலது கையை நெஞ்சில் வைத்து, அவசரம் இல்லாமல், "வ அலைக்கும் ஸலாம், வாங்க இக்கா" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். பின்னால் வருகிற அந்த "வாங்க இக்கா" முக்கியம், ஏனென்றால் முன்னால் உச்சரிப்பில் ஏதாவது சறுக்கினாலும் அது சமாளித்துவிடும். கை கொடுப்பது அவர் நீட்டினால். அவரோடு வீட்டுப் பெண்கள் வந்திருந்தால் நீங்களாகக் கை நீட்டவே வேண்டாம், நெஞ்சில் கை வைத்தால் போதும், பெண்களும் பெரும்பாலும் அதையே செய்வார்கள். கூட வந்தவர், அதுதான் சிரித்தாரே, அவர் வேறு மதமாக இருக்கலாம், கூட்டு வியாபாரங்களில் அது சகஜம். முதலாமவருக்குப் பதில் சொன்ன கையோடு அவர் பக்கம் திரும்பி "வாங்கண்ணா" என்று தனியாக ஒரு சொல், சலாமோடு அவரையும் சேர்த்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மனசில் ஆறாத ஒன்று இருக்கும், போன தடவை பேசாமல் இருந்தது. அதை விளக்கி மன்னிப்புப் புராணம் எல்லாம் வேண்டாம். டீ வந்து, லுங்கிக் கட்டு பிரிக்கும்போது, "இக்கா, போன வாரம் நீங்க சொன்னதுக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னு தெரியாம முழிச்சுட்டேன், இப்ப சொன்னது சரிதானுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். நான் பார்த்த வரைக்கும் இந்தக் கேள்விக்கு யாரும் முகம் சுளித்ததில்லை, பெரும்பாலும் உட்கார்ந்து உச்சரிப்பையே சொல்லிக்கொடுப்பார்கள். (நோன்பு மாதமாக இருந்தால் பகலில் டீ சொல்லாதீர்கள். சலாம் சரியாகச் சொல்லிவிட்டு டீயில் கோட்டைவிட்ட மாணவர் ஒருத்தர் எனக்கு உண்டு.) அவர் அடுத்த முறை வந்து முதலில் "வணக்கம் தம்பி" என்று ஆரம்பித்தால், அவர் உங்களுக்காக மாற்றிக்கொண்டார் என்று பொருள், நீங்கள் பதிலுக்கு "வணக்கம் இக்கா" என்று போய்விடுங்கள், விடாப்பிடியாகச் சலாமைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

போனில் பேசும்போது மட்டும் "வாங்க" உதவாது. சலாம் சொல்லி ஆரம்பித்தால் "வ அலைக்கும் ஸலாம், சொல்லுங்க இக்கா". காதில் சரியாக விழாமல், அது சலாமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை என்றால், "வணக்கமுங்க, சொல்லுங்க". எழுத்தில் வந்த சலாமுக்கு எழுத்திலேயே பதில் போட்டுவிட்டு, அதே செய்தியில் விலைப்பட்டியலையும் அனுப்பலாம். வெறும் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புவது, கணக்கு நோட்டைப் புரட்டியதற்குச் சமம்.

அவர் கிளம்பும்போது மறுபடி சலாம் சொல்லக்கூடும், விடைபெறும்போதும் அதையேதான் சொல்வார்கள், புதிதாக என்னமோ கேட்கிறார் என்று திகைத்துவிடாதீர்கள். அதற்கும் அதே பதில், அப்புறம் நம் வழக்கப்படி "போயிட்டு வாங்க இக்கா".